பார்ட்டியைப் புது ஆள் கையில் கொடுப்பது: மெசேஜா, போனா, நேரிலா?

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் ஒரு நடுத்தரத் தொழிற்கூடத்தை எடுத்துக்கொள்வோம். நாற்பது பார்ட்டிகள். ஆர்டர் வாங்குவது, அளவு கேட்பது, தேதி சொல்வது, பெட்டி நசுங்கிவிட்டது என்றால் போய்ப் பார்ப்பது எல்லாம் ஏழெட்டு வருடமாக ஒரே ஆள் கையில் இருக்கிறது. விசிட்டிங் கார்டில் ‘அக்கவுண்ட் மேனேஜர்’ என்று இருந்தாலும் பார்ட்டிகளுக்கு அவர் ‘பெட்டிக்கார அண்ணன்’தான். அவர் இந்த மாதக் கடைசியோடு விலகுகிறார். புதியவர் சேர்ந்துவிட்டார். கையில் இருப்பது நான்கு வாரம்.

இந்த நிலையில் நிறுவனங்கள் வழக்கமாக நான்கு வழிகளில் ஒன்றைப் பிடிக்கின்றன. எல்லோருக்கும் ஒரு மெசேஜ் தட்டிவிடுவது. பழையவர், புதியவர், வாடிக்கையாளர் மூவரும் ஒரே போன் அழைப்பில் பேசுவது. இருவரும் சேர்ந்து நேரில் போய் வருவது. இரண்டு வாரம் இருவரும் ஒன்றாகவே ஆர்டரைக் கவனிப்பது. எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் நேரில் போவதுதான் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் நாற்பது இடத்துக்கும் போக நேரம் கிடையாது, போகத் தேவையும் கிடையாது. எந்தப் பார்ட்டிக்கு எந்த வழி என்பதுதான் எடுக்க வேண்டிய முடிவு.

பெரும்பாலோர் இதை வியாபாரத் தொகையை வைத்து முடிவு செய்கிறார்கள். பெரிய பார்ட்டி என்றால் நேரில், சின்ன பார்ட்டி என்றால் மெசேஜ். இது தவறான அளவுகோல் என்பதை ஒரு பெட்டியை வைத்தே காட்டிவிடலாம்.

ஒரு ‘60, 40, 40’

மாதம் 290 பெட்டி மட்டும் வாங்கும் ஒரு சின்ன பார்ட்டி. ஆர்டர் எப்போதும் வாட்ஸ்அப் குரல் செய்தியாக வரும்: “அண்ணா, அந்த ஜெர்மனி பையருக்கு 60, 40, 40. போன தடவை மாதிரியே 290 போட்ருங்க.” பழையவருக்கு இது போதும். அந்த பையர் கேட்பது பெட்டியின் வெளி அளவு என்று அவருக்குத் தெரியும். மற்ற பார்ட்டிகள் பெரும்பாலும் உள் அளவைத்தான் சொல்வார்கள், பெட்டி செய்கிறவர்களும் உள் அளவில்தான் கணக்குப் போடுவார்கள்.

புதியவர் 60, 40, 40 சென்டிமீட்டர் என்பதை உள் அளவாக எழுதிவிட்டார் என்று வையுங்கள். ஐந்து அடுக்கு அட்டையின் கனம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். நீளத்திலும் அகலத்திலும் இரண்டு சுவர், ஆக 1.2 சென்டிமீட்டர் கூடும். உயரத்தில் மேலே இரண்டு மடிப்பு, கீழே இரண்டு மடிப்பு, ஆக 2.4 சென்டிமீட்டர். பெட்டி வெளியே 61.2, 41.2, 42.4 ஆகிவிடும். கையில் வைத்துப் பார்த்தால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் கன அளவு 11 சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது. 290 பெட்டி 27.8 கன மீட்டரில் அடங்க வேண்டியது 31 கன மீட்டர் கேட்கும். 20 அடி கண்டெய்னரில் நடைமுறையில் 28 கன மீட்டர் அளவுக்குத்தான் சரக்கு ஏற்றுவார்கள். பெட்டி மீந்து நிற்பது ஏற்றுமதியாளருக்குத் தெரிய வருவது லோடு ஏற்றும் அன்று ராத்திரிதான்.

இங்கே புதியவரின் பெயர் வாடிக்கையாளருக்குத் தெரியும், எண் தெரியும், அறிமுக மெசேஜும் போய்ச் சேர்ந்திருக்கும். போய்ச் சேராதது பழையவர் தலைக்குள் இருந்த ஒரு வரி மட்டும். இதே ஊரில் இந்தத் தொழிற்கூடத்தின் விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கும் பெரிய நிறுவனம் உள் அளவு, வெளி அளவு, அட்டையின் ஜிஎஸ்எம், அச்சு வாசகம் எல்லாவற்றையும் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதி மெயிலில் அனுப்பிவிடும். அந்த ஆர்டரை யார் கையில் கொடுத்தாலும் பெட்டி ஒன்றாகத்தான் வரும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இந்த பார்ட்டியின் ஆர்டரில் எவ்வளவு பங்கு தாளில் இருக்கிறது, எவ்வளவு பழையவர் தலையில் இருக்கிறது என்பதுதான். இதை ஊகிக்க வேண்டியதில்லை, சோதித்துவிடலாம். ஒவ்வொரு பார்ட்டியிடமிருந்தும் கடைசியாக வந்த மூன்று ஆர்டர்களை, வந்த வடிவத்திலேயே எடுங்கள். மெயில் என்றால் மெயில், குரல் செய்தி என்றால் குரல் செய்தி. அதைப் புதியவரிடம் கொடுத்து, யாரிடமும் எதுவும் கேட்காமல், தொழிற்கூடத்துக்குப் போகும் வேலைச்சீட்டான ஜாப் கார்டை எழுதச் சொல்லுங்கள். பிறகு பழையவர் அப்போது எழுதிய ஜாப் கார்டை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். எங்கெங்கே மாறுகிறதோ அதெல்லாம் தாளில் இல்லாமல் தலையில் இருந்தவை. நாற்பது பார்ட்டிக்கும் இரண்டு மூன்று மதியவேளை போதும். இந்த வேலையின்போது பழையவரே “அட, இதை நான் எங்கயும் எழுதி வைக்கலையே” என்பார்.

வித்தியாசமே இல்லையென்றால் மெசேஜ் போதும். ஒன்றிரண்டு என்றால் மூவர் அழைப்பு. அதற்கு மேல் என்றாலோ, தீராத புகார் அல்லது வாய்வார்த்தையாகக் கொடுத்த சலுகை ஏதாவது இருந்தாலோ நேரில் போக வேண்டும்.

மெசேஜ்: மலிவானது, ஆனால் சும்மா தட்டிவிடுவதல்ல

இதில் முதல் தவறு, புதியவர் தன் எண்ணிலிருந்து அனுப்புவது. வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு அனுப்பினால், அனுப்புகிறவரின் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். புதியவரின் எண்ணை யாரும் சேமித்திருக்க மாட்டார்கள். நாற்பது பேருக்கு அனுப்பியதாக அவர் நினைத்துக்கொண்டிருப்பார், ஒருவருக்கும் போயிருக்காது. அதனால் மெசேஜ் பழையவரின் எண்ணிலிருந்து போக வேண்டும். புதியவரின் எண்ணை எழுத்தாக அடிக்காமல் காண்டாக்ட் கார்டாக இணைத்தால், எதிரில் இருப்பவர் ஒரு தட்டில் சேமித்துக்கொள்வார்.

இரண்டாவது தவறு வாசகத்தில். “தங்களுக்குச் சிறந்த சேவை வழங்க எங்கள் குழுவில் புதிதாக இணைந்துள்ள...” என்று ஆரம்பித்தால் அதற்குமேல் யாரும் படிக்க மாட்டார்கள். இதைப் படிப்பவர் ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், அவருக்கு ஒரே கவலைதான்: ஓடிக்கொண்டிருக்கும் என் ஆர்டர் என்ன ஆகும்? அதற்குப் பதில் மெசேஜிலேயே இருக்க வேண்டும். அதனால் பொது வாசகம் ஒன்றை எல்லோருக்கும் அனுப்பாமல், பார்ட்டிக்கு ஒரு வரியாவது தனியாக மாற்றி எழுத வேண்டும். இப்படி:

“வணக்கம் மேடம். 1-ஆம் தேதியிலிருந்து உங்க பெட்டி ஆர்டரை எனக்குப் பதிலா (பெயர்) பார்த்துக்குவார். அவர் நம்பர் கீழே அனுப்பியிருக்கேன். 30 வரைக்கும் நானும் இருக்கேன். இப்ப ஓடுற உங்க ரெண்டு ஆர்டர், 450 பெட்டி 18-ஆம் தேதி, 300 பெட்டி 22-ஆம் தேதி, அதே தேதிக்கு வந்துரும். ரேட், கடன் நாள், பேங்க் அக்கவுண்ட் எதுலயும் மாற்றம் இல்லை. நாளைக்குக் காலைல 11 மணிக்கு அவர் உங்களைக் கூப்பிடுவார்.”

பேங்க் அக்கவுண்ட் பற்றிய அந்த வரி கட்டாயம் இருக்க வேண்டும். ‘இனி இவர்தான் உங்களுக்கு, இது புது எண், இது புது வங்கிக் கணக்கு’ என்று வருவது பணம் பறிக்கும் மோசடிக்காரர்களின் வழக்கமான மெயில். வாடிக்கையாளரின் அக்கவுண்ட்ஸில் விவரமானவர் இருந்தால் அதைப் பார்த்ததும் பேமெண்டை நிறுத்தி வைப்பார். விவரமில்லாதவர் இருந்தால், ஆள் மாறியிருப்பது தெரிந்த வேறு எவனோ அனுப்பும் போலி மெயிலை நம்பிப் பணம் போட்டுவிடுவார். இரண்டும் நமக்கு நஷ்டம். நிஜமாகவே வங்கிக் கணக்கு மாறப்போகிறது என்றால், அந்த அறிவிப்பை ஆள் மாற்றத்தோடு சேர்க்காமல் ஒரு மாதமாவது தள்ளி, முதலாளி தன் எண்ணிலிருந்து பேசிச் சொல்ல வேண்டும்.

சொன்ன 11 மணிக்குப் புதியவர் கூப்பிட வேண்டும். மூன்று நிமிடம் பேசினால் போதும். அந்த அழைப்பு இல்லாத மெசேஜை அறிமுகம் என்று கணக்கில் எடுக்கவே கூடாது. தான் பார்த்த ஒரு ஸ்டேட்டஸ் போல அதை நினைத்துவிட்டு, வாடிக்கையாளர் அடுத்த ஆர்டரையும் பழைய எண்ணுக்கே அனுப்புவார்.

மூவர் அழைப்பு: யார் எதைப் பேசுவது

செலவைப் பார்த்தால் நான்கில் இதுதான் லாபமான வழி. ஆனால் பலரும் இதை இரண்டு நிமிட மரியாதைப் பேச்சாக முடித்துவிடுகிறார்கள். “சார், இவர்தான் இனிமே. நல்ல பையன். பாத்துக்குவாருங்க சார்.” “சரிங்க, சரிங்க.” முடிந்தது. இதில் மெசேஜைவிடக் கூடுதலாக ஒன்றும் கைமாறவில்லை.

பத்து நிமிட அழைப்பு எப்படிப் போக வேண்டும்? ஜாப் கார்டு சோதனையில் அந்த பார்ட்டிக்கு வந்த வித்தியாசங்கள் பழையவர் முன்னால் எழுதி இருக்க வேண்டும். அறிமுகத்தை அரை நிமிடத்தில் முடித்துவிட்டு, அவற்றை அவரே வாடிக்கையாளர் காதுபட, புதியவரிடம் சொல்ல வேண்டும்: “மேடத்தோட ஜெர்மனி பையருக்கு எப்பவும் வெளி அளவுதான். அப்புறம் அந்தப் பெட்டில கம்பிப் பின் வரவே கூடாது, பசைதான் போடணும். சரிதானுங்க மேடம்?”

இப்படிச் சொல்வதில் இரண்டு வேலை ஒன்றாக நடக்கிறது. விவரம் சரிதானா என்று வாடிக்கையாளரே உறுதி செய்கிறார், தவறாக இருந்தால் அங்கேயே திருத்துகிறார். “இல்லைங்ணா, போன சீசன்லருந்து அதுவும் மாறிருச்சு” என்று பழையவருக்கே தெரியாத ஒன்று வந்து விழுவதும் உண்டு. இன்னொன்று, தன் விவரமெல்லாம் இந்தப் புது ஆளிடம் போய்விட்டது என்று அவர் காதால் கேட்கிறார். அடுத்த ஆர்டரை இவரிடம் சொல்லத் துணிவு வருவது அங்கேதான்.

அடுத்து, பாக்கி இருக்கும் வாக்குறுதிகள். இதைப் பழையவர்தான் முதலில் எடுக்க வேண்டும்: “போன லோடுல 18 பெட்டி மழைல நனைஞ்சு வந்துச்சு, அதுக்கு கிரெடிட் நோட் தர்றேன்னு சொல்லியிருந்தேன். இன்னும் வரல. அதை இவர்கிட்ட எழுதிக் கொடுத்துட்டேன்.” ‘வேற ஏதாவது இருக்குங்களா’ என்று பொதுவாகக் கேட்டால், கூச்சப்பட்டுச் சொல்லாமல் விடுகிறவர்கள் பாதிப்பேர். மீதிப்பேர் சொல்லாத சலுகையையும் சேர்த்துச் சொல்வார்கள். “எனக்குப் பெட்டிக்கு ரெண்டு ரூபா குறைச்சுத் தர்றதா சொல்லியிருந்தாரே” என்று வந்தால், புதியவர் ஒத்துக்கொள்ளவும் கூடாது, மறுக்கவும் கூடாது. “குறிச்சுக்கிட்டேன் மேடம், சாயங்காலம் பாத்துட்டுச் சொல்றேன்” என்று சொல்லி, சாயங்காலம் பதில் சொல்லிவிட வேண்டும். புது ஆளை எடைபோட்டுப் பார்க்க வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் முதல் சந்தர்ப்பம் அந்தச் சாயங்காலம்தான்.

அழைப்பு முடிந்து ஒரு மணி நேரத்துக்குள், பேசியதைப் புதியவர் தன் எண்ணிலிருந்து நாலு வரியில் எழுதி அனுப்ப வேண்டும். ‘ஜெர்மனி: வெளி அளவு, பசை ஒட்டு. 18 பெட்டி கிரெடிட் நோட் பாக்கி, 12-ஆம் தேதிக்குள்.’ பின்னால் தகராறு வந்தால் காட்ட ஆதாரம் என்பது ஒருபுறம். வாடிக்கையாளர் இதற்கு ஒரு ‘ஓகே’ போட்டாலே புதியவரின் எண்ணோடு அவருக்கு ஒரு உரையாடல் தொடங்கிவிடுகிறது, அடுத்த ஆர்டரை அனுப்பக் கை அங்கே போகும்.

நேரம் பார்த்து அழைக்க வேண்டும். திருப்பூரில் சனிக்கிழமை வேண்டாம், சம்பள நாள். மார்ச் கடைசி வாரமும் தீபாவளிக்கு முந்தைய பதினைந்து நாளும் வேண்டவே வேண்டாம். ஃபுளோரில் மெஷின் இரைச்சலுக்கு நடுவே நின்று பேசுகிறார் என்று தெரிந்தால், தொடராமல் “எப்ப ஃப்ரீ ஆவீங்க மேடம்” என்று கேட்டு வைத்துவிடுவது நல்லது. சத்தத்தில் சொல்லும் ‘சரி’யில் ஒன்றும் ஏறியிருக்காது. அழைப்பு முடியும்வரை புதியவரின் பெயரை ஒரு தடவைகூட அவர் சொல்லவில்லை என்றால், இந்த அழைப்பு எடுபடவில்லை என்று குறித்துக்கொள்ளலாம்.

நேரில் போவது: காபியோடு திரும்பினால் வீண்

நேர் சந்திப்பு வீணாவதற்கு ஒரே காரணம், பார்ட்டியின் முதலாளி அறையோடு நின்றுவிடுவது. அவர் அன்பாகப் பேசுவார், காபி வரும், “அதுக்கென்ன, நம்ம பையனாட்டம் பாத்துக்கலாம்” என்பார். ஆனால் அவர் ஒருநாளும் பெட்டி ஆர்டர் போடப்போவதில்லை. ஆர்டர் போடுவது மெர்ச்சண்டைசரோ பர்ச்சேஸோ. பெட்டி சரியில்லை என்று கத்துவது பேக்கிங் சூப்பர்வைசர். பில் பாஸ் செய்வது அக்கவுண்ட்ஸ். மரியாதைக்கு முதலாளியை முதலில் பார்த்துவிட்டு, பத்து நிமிடத்தில் எழுந்துவிட வேண்டும். அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் பேக்கிங்.

பேக்கிங்கில் புதியவர் கையில் ஒரு அளவு டேப்பும் நோட்டும் இருக்கட்டும். அங்கே உபயோகத்தில் இருக்கும் நம் பெட்டி ஒன்றை எடுத்து உள்ளேயும் வெளியேயும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். துணி நிரம்பியதும் பக்கவாட்டில் உப்புகிறதா? எத்தனை உயரம் அடுக்குகிறார்கள்? அடியில் இருக்கும் பெட்டியின் மூலை நசுங்கியிருக்கிறதா? இணைப்பு பசையா, கம்பிப் பின்னா? துணிக்குள் உலோகத் துண்டு சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகப் பல வெளிநாட்டு பையர்கள் பெட்டியில் பின்னே கூடாது என்று விதித்திருப்பார்கள். பின் அடித்த பெட்டி ஒன்று உள்ளே போனாலும் இன்ஸ்பெக்‌ஷனில் மொத்தமும் நின்றுவிடும். இதெல்லாம் எந்த போன் அழைப்பிலும் கிடைக்காது. பேக்கிங் சூப்பர்வைசர் பெரும்பாலும் யாருக்கும் மெயில் எழுதுகிறவர் அல்ல. அவர் மனதில் இருக்கும் குறை பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் வெளியே வரும்.

புதியவருக்கு அங்கேயே புரிந்துவிடும் இன்னொரு விஷயம், ‘பெட்டி எப்ப வரும்’ என்ற கேள்வியின் கனம். பையர் தரப்பில் கடைசி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும்போது, வழக்கமாகச் சரக்கு முழுதும் தைத்து முடிந்து, அதில் 80 சதவீதமாவது பெட்டியில் அடைத்திருக்க வேண்டும். பெட்டி ஒருநாள் தாமதமானால் இன்ஸ்பெக்‌ஷன் தேதி தவறும், அது தவறினால் கப்பல் தவறும். தேதி கேட்கும் மெர்ச்சண்டைசருக்கு ‘பாத்துச் சொல்றேன்’ என்று மணிக்கணக்கில் இழுப்பவர் அடுத்த மாதம் அந்த பார்ட்டியை இழந்துவிடுவார்.

அக்கவுண்ட்ஸில் ஐந்து நிமிடம் போதும். பாக்கி பட்டியலை இரண்டு பக்கமும் ஒத்துப் பார்த்து, பில்லில் 30 நாள் என்று இருந்து நடைமுறையில் 60 நாளில் பணம் வருகிறதா என்பதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். இதைச் சொல்லாமல் பழையவர் போய்விட்டால், 31-ஆம் நாள் புதியவர் பணம் கேட்டுப் போன் செய்வார். முதல் மாதமே அப்படி ஒரு போன் வந்தால் அந்த உறவைத் தேற்ற ஒரு வருடம் ஆகும்.

இத்தனைக்கும் ஓர் இடத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும், போக்குவரத்து தனி. நாளொன்றுக்கு மூன்று இடத்துக்கு மேல் ஒழுங்காகச் செய்ய முடியாது. ஐந்து இடம் போனோம் என்று சொல்பவர்கள் ஐந்து காபி குடித்திருப்பார்கள்.

இரண்டு வாரம் சேர்ந்து பார்ப்பது

கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் அடிக்கடி சொதப்புவதும் இதுதான். காரணம், பழையவர் நல்லவராக இருப்பது. வாடிக்கையாளர் பழக்கத்தில் அவரைக் கூப்பிடுவார். அவருக்கும் பதில் தெரியும், சொல்லிவிடுவார். அரை நிமிட வேலைதானே என்று நினைப்பார். வாடிக்கையாளரைப் பொறுத்தவரை ஆள் மாறவே இல்லை. வாட்ஸ்அப் குரூப் போட்டாலும் இதே கதைதான். புதியவர் ஜாப் கார்டைத் தேடிக்கொண்டிருக்கும்போது பழையவர் பதில் போட்டிருப்பார். இரண்டு வாரம் கழித்து அவர் விலகிய அன்றைக்குத்தான் உண்மையில் ஆள் மாறுகிறது, அதுவும் திடுதிப்பென்று.

இதைச் சரிசெய்ய ஒரே விதி போதும்: குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு பழையவர் போனை எடுக்கலாம், பதில் சொல்லக் கூடாது. “இப்பவே இவர்கிட்ட சொல்றேன் மேடம், பத்து நிமிஷத்துல உங்களைக் கூப்பிடுவார்.” பத்து நிமிடத்துக்குள் புதியவர் கூப்பிட்டாக வேண்டும். பதில் தெரியாவிட்டால் பழையவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு கூப்பிடட்டும், வாடிக்கையாளரோடு பேசுவது அவர் குரலாக இருக்க வேண்டும். மூன்று நான்கு தடவை இப்படி நடந்தால், நேராக இவரையே கூப்பிட்டுவிடலாம் என்று அவருக்கே தோன்றிவிடும்.

இந்த வழியைத் தனியாக எடுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. மற்ற மூன்றில் எதைச் செய்திருந்தாலும் அதன் பின்னால் வரும் பகுதியாக இதை வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவதாக ஒரு குறுக்குவழியும் உண்டு. சிம் கம்பெனி பெயரில் இருந்தால் போனையே புதியவர் கையில் கொடுத்துவிட்டு, சொல்லாமல் இருந்துவிடுவது. எண்ணைக் கைமாற்றுவது நல்ல யோசனை, பழைய உரையாடல்களும் ஆர்டர்களும் அதிலேயே இருக்கும். ஆனால் சொல்லாமல் மாற்றினால், ‘அண்ணா, நேத்து பேசுனோமே’ என்று வரும் குரலுக்கு வேறொரு குரல் பதில் சொல்லும். ஏமாற்றப்பட்டதாகத்தான் அவர் நினைப்பார். சொல்லிவிட்டு மாற்றுங்கள், அதுவும் மேலே சொன்ன அறிமுகமெல்லாம் முடிந்த பிறகு, பழையவரின் கடைசி நாளன்று.

நாற்பது பார்ட்டிக்குக் கணக்கு

ஜாப் கார்டு சோதனையில் இப்படி வந்தது என்று கொள்வோம்: 22 பார்ட்டிக்கு வித்தியாசம் இல்லை, 11 பார்ட்டிக்கு ஒன்றோ இரண்டோ, 7 பார்ட்டிக்கு அதற்கு மேல் அல்லது தீராத புகார்.

முதல் வாரம் சோதனையிலேயே போய்விடும். இரண்டாம் வாரம் அந்த 7 இடத்துக்கும் நேரில். நாளுக்கு மூன்று என்றால் மூன்று நாள். நேர் சந்திப்பை முதலில் வைப்பதற்குக் காரணம், அங்கே கிடைக்கும் விவரத்தில் சிலதற்குத் தொழிற்கூடத்தில் மாற்றம் செய்ய வேண்டியிருக்கும், அதற்கு நாள் தேவை. மூன்றாம் வாரம் 11 மூவர் அழைப்பு. தயாரிப்பும் எழுதி அனுப்புவதும் சேர்த்து ஒன்றுக்கு 25 நிமிடம் என்றாலும் ஐந்து மணி நேரத்துக்குள் முடியும், அதை நான்கு நாளில் பிரித்துக்கொள்ளலாம். 22 மெசேஜும் அதே வாரத்தில் போகட்டும், ஆனால் ஒரே நாளில் வேண்டாம். மறுநாள் 11 மணிக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறோம், 22 பேரை ஒரே 11 மணிக்குக் கூப்பிட முடியாது. நாளுக்கு ஐந்தாறாக அனுப்பி, அழைக்கும் நேரத்தையும் ஆளுக்கு ஆள் மாற்றி எழுத வேண்டும். நான்காம் வாரம் முழுதும் ‘எடுக்கலாம், பதில் சொல்லக் கூடாது’ விதி.

இந்தப் பட்டியலில் அந்தப் பெரிய பார்ட்டி 22-க்குள் விழுந்திருக்கும். மெசேஜோடு விட்டுவிடலாமா? ஆர்டரைப் பொறுத்தவரை விடலாம். ஆனால் ‘நமக்கு ஒரு மெசேஜ்தான் அனுப்பினார்கள், பக்கத்து கம்பெனிக்கு நேரில் போனார்கள்’ என்ற பேச்சு திருப்பூரில் ஒரே நாளில் சுற்றி வந்துவிடும். அங்கே முதலாளியே புதியவரைக் கூட்டிக்கொண்டு போய்வரட்டும். அந்தப் பயணத்துக்குப் பழையவரின் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், அந்த ஒன்றேகால் மணி நேரம் ஆர்டர் தாளில் இல்லாத பார்ட்டிகளுக்குத்தான் தேவை.

பழையவர் இல்லையென்றால்

சொல்லாமல் நின்றுவிட்டார், அல்லது போட்டி நிறுவனத்துக்குப் போகிறார் என்றால் கணக்கு மாறும். போட்டி நிறுவனத்துக்குப் போகிறவரைப் பார்ட்டிகளிடம் கூட்டிக்கொண்டு போவது, அவர் விடைபெறும் விழாவை நம் செலவில் நடத்துவது போல. அங்கே மூவர் அழைப்பும் நேர் சந்திப்பும் முதலாளி அல்லது ஒரு மூத்தவர் வழியாகத்தான் நடக்க வேண்டும், அதுவும் செய்தி உறுதியான அன்றே தொடங்கி. பழையவரைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தையும் வேண்டாம், வாடிக்கையாளருக்கு அவரைப் பல வருடமாகத் தெரியும். “அவர் வேற இடத்துக்குப் போயிட்டார். உங்க ஆர்டர் இனி இவர் பொறுப்பு, ஏதாவது ஒண்ணுன்னா என் நம்பருக்கே கூப்பிடுங்க” என்று சொன்னால் போதும்.

தலைக்குள் இருந்த விவரத்தைச் சொல்ல ஆள் இல்லை என்பதால், அதை வாடிக்கையாளரிடமிருந்தே வாங்க வேண்டியிருக்கும். ‘உங்க பெட்டி விவரமெல்லாம் சொல்லுங்க’ என்று கேட்டால் எரிச்சல்தான் வரும். கடைசி மூன்று ஜாப் கார்டையும் கையில் வைத்துக்கொண்டு, நிரப்பியதைக் காட்டி, “இது வெளி அளவுன்னு எழுதியிருக்கேன், பசை ஒட்டுன்னு எழுதியிருக்கேன், சரியான்னு மட்டும் பாருங்க” என்று கேட்க வேண்டும். முதல் ஆர்டருக்கு மொத்தத்தையும் ஓட்டுவதற்கு முன் ஒரு மாதிரிப் பெட்டியைச் செய்து பேக்கிங்கில் கொடுத்து, அவர்கள் துணியை அடைத்து மூடிப் பார்த்துச் சரி என்ற பிறகே மீதியை ஓட்டலாம். ஒருநாள் கூடுதலாகப் பிடிக்கும். அந்த ஒருநாளை முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் மறுப்பதில்லை.

எந்த வழியில் போனாலும், ஆள் மாறி மூன்றாவது வாரத்தில் பழையவர் வைத்திருந்த போனை எடுத்து அந்த வாரத்து அழைப்புகளை எண்ணிப் பாருங்கள். நேராகப் புதியவர் பெயரைச் சொல்லிக் கேட்டவர்கள் எத்தனை பேர், இன்னும் ‘பெட்டிக்கார அண்ணன் இருக்காருங்களா’ என்று கேட்டவர்கள் யார் யார்? இரண்டாவது பட்டியலில் இருப்பவர்களுக்கு, மெசேஜோடு நின்றிருந்தால் மூவர் அழைப்பு, அழைப்போடு நின்றிருந்தால் நேரில். பழையவர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அளவு டேப்பை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு புதியவர் தனியாகவே போகலாம்.